ஓடும் நாய் மங்கலாக விழுகிறதா? மங்கலின் அடையாளத்தை வைத்துச் சரிசெய்யும் வழி

ஓடும் நாயைப் படமெடுத்து வந்து பார்த்தால் ஒன்றுகூட ஷார்ப்பாக இல்லை. உடனே எல்லோருக்கும் தோன்றுவது ஷட்டர் வேகத்தை ஏற்றுவதுதான். 1/1000 போதவில்லையா, 1/2000 வைப்போம். அதுவும் போதவில்லையா, 1/4000. சில படங்களுக்கு இது சரியான மருந்து. ஆனால் நாய் நம்மைப் பார்த்து ஓடிவரும் படங்களில் கோளாறு பெரும்பாலும் ஷட்டரில் இருக்காது, ஃபோகஸில் இருக்கும். அங்கே ஷட்டரை ஏற்ற ஏற்ற ஐஎஸ்ஓதான் கூடும். படம் புள்ளி புள்ளியாகும், மங்கல் அப்படியே இருக்கும்.

அதனால் செட்டிங்கைத் தொடுவதற்கு முன்னால் கெட்டுப்போன படத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: நாயின் கண், அதன் பாதம், அது ஓடுகிற தரை. இந்த மூன்றில் எது தெளிவு, எது தெளிவில்லை, மங்கல் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறதா அல்லது எல்லாப் பக்கமும் சமமாகக் கரைந்திருக்கிறதா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

விளக்குவதற்கு ஓர் உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். கரிசல் காட்டில் ஓடும் ஒரு சிப்பிப்பாறை நாய். கையில் இருப்பது வினாடிக்கு 5 படம் எடுக்கும், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள சாதாரண டிஎஸ்எல்ஆர். லென்ஸ் 55-250. அதை 250-இல் வைத்தால் அதிகபட்சத் திறப்பு f/5.6. நாயின் வேகத்தைக் கணக்குக்கு வசதியாக வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேட்டைநாய் வகைகள் இதைவிட வேகமாகவும் ஓடும்.

## தரை தெளிவு, நாய் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது

நாய் இடமிருந்து வலமாக உங்களைக் கடந்து ஓடியிருக்கிறது, கேமரா அசையாமல் நின்றிருக்கிறது. இது சுத்தமான ஷட்டர் பிரச்சினை.

வினாடிக்கு 10 மீட்டர் என்றால் 1/500 வினாடியில் நாய் 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000-இல் ஒரு சென்டிமீட்டர், 1/2000-இல் அரை சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள நாய் படத்தின் அகலத்தில் பாதியை அடைத்தால், அந்த அரை சென்டிமீட்டர் 24 மெகாபிக்சல் படத்தில் ஏறக்குறைய 16 பிக்சல் இழுவையாக விழும். பெரிதாக்கினால் நன்றாகவே தெரியும். அதாவது கேமராவை அசையாமல் பிடித்துக்கொண்டு ஷட்டரை மட்டும் நம்பினால் 1/2000 கூடப் பத்தாது.

கூடவே கேமராவும் நாயோடு திரும்ப வேண்டும். நீங்கள் பேனிங்கில் நாயின் வேகத்தில் ஐந்தில் நாலு பங்கைப் பிடித்துவிட்டாலே அந்த 16 பிக்சல் 3 பிக்சலாகக் குறைந்துவிடும். அது கண்ணுக்கு உறுத்தாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து திரும்புங்கள். எங்கே படம் வேண்டுமோ அந்தத் திசைக்குப் பாதங்கள் நேராக இருக்கட்டும். நாய் கிளம்பும் இடத்துக்கு உடம்பை முறுக்கிக்கொண்டு தொடங்கினால், வேண்டிய இடத்துக்கு வரும்போது உடம்பு தளர்வாக இருக்கும். பட்டனை விட்ட பிறகும் ஒரு நொடி திரும்பிக்கொண்டே இருங்கள். பலருக்குக் கடைசி இரண்டு ஃபிரேம் மங்கலாவது, நாய் போய்க்கொண்டிருக்கும்போதே கையை நிறுத்திவிடுவதால்தான்.

## உடல் தெளிவு, பாதங்கள் மட்டும் மங்கல்

பேனிங் சரியாக வந்துவிட்டது என்பதற்கு இது அடையாளம். ஓட்டத்தில் ஒவ்வொரு பாதமும் தரையில் ஊன்றியிருக்கும்போது நின்றுவிடுகிறது. உடல் அதைத் தாண்டிப் போய்விடுவதால், பிறகு தூக்கி வீசும்போது பாதம் உடலைவிட வேகமாக முன்னால் வந்தாக வேண்டும். அதனால் உடலை நிறுத்தும் 1/1600 பாதத்தை நிறுத்தாது. பாதமும், அது கிளப்பும் மண்ணும் உறைந்து நிற்க வேண்டும் என்றால் 1/3200 வையுங்கள். இதைக் கோளாறாகவே நான் பார்ப்பதில்லை. கண் தெளிவாக இருந்து, பாதம் லேசாக இழுபட்டால் ஓட்டம் தெரிகிறது. வெளிச்சம் குறைந்த நேரத்தில் இதற்காக ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்குவது வீண்.

## நம்மை நோக்கி ஓடிவரும் படம்: முகம் கரைந்திருக்கிறது, நாய்க்குப் பின்னால் உள்ள மண் தெளிவாக இருக்கிறது

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். இதில் மங்கலுக்குத் திசை இருக்காது. மூக்கு, கண், காது எல்லாம் சமமாகக் கரைந்திருக்கும். தரையைக் கவனித்தால் எங்கோ ஒரு பட்டையில் மண்கட்டிகள் ஊசியாகத் தெரியும். ஃபோகஸ் அங்கேதான் நின்றிருக்கிறது. நாய் அங்கே இருந்தபோது கேமரா பிடித்திருக்கிறது, படம் விழுவதற்குள் நாய் முன்னால் வந்துவிட்டது.

எவ்வளவு துல்லியம் தேவை என்று பார்ப்போம். 250 எம்எம், f/5.6, நாய் 15 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது ஷார்ப்பாக விழும் ஆழம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். 10 மீட்டரில் அது 36 சென்டிமீட்டர். 5 மீட்டரில் 9 சென்டிமீட்டர், அதாவது மூக்குக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரம்கூட இல்லை. நாயோ வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒரு மீட்டர் வந்துவிடுகிறது. ஒருமுறை ஃபோகஸ் செய்து பூட்டிக்கொள்ளும் முறையில் கேமரா இருந்தால், ஷட்டர் 1/8000-ஆக இருந்தாலும் படம் தவறத்தான் செய்யும்.

முதலில் பார்க்க வேண்டியது ஃபோகஸ் முறை. நிக்கான், சோனியில் `AF-C`, கேனான் டிஎஸ்எல்ஆரில் `AI SERVO`, புதிய கேனான்களில் `SERVO`. `AF-S`, `ONE SHOT` என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. `AF-A`, `AI FOCUS` என்ற தானியங்கி முறைகளையும் இதற்கு நம்ப வேண்டாம். நாய் கிளம்பிய பிறகு முறையை மாற்றுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும்.

முறை சரியாக இருந்தும் முதல் இரண்டு மூன்று ஃபிரேம் மட்டும் தவறுகிறது என்றால், கேமராவுக்கு முன்கூட்டி நேரம் கொடுக்கவில்லை என்று பொருள். தொடர் ஃபோகஸ் நாயின் வேகத்தை அளந்து, படம் விழும் நொடியில் அது எங்கே இருக்கும் என்று கணித்து லென்ஸை நகர்த்துகிறது. அந்த அளவீட்டுக்குக் கொஞ்ச நேரமாவது நாய் ஃபோகஸ் புள்ளிக்குள் இருக்க வேண்டும். பட்டனை ஒரேயடியாக அழுத்தினால் கணிப்புக்கு இடமே இல்லை. நாய் 30 மீட்டரில் இருக்கும்போதே பட்டனைப் பாதி அழுத்தியோ `AF-ON` பட்டனைப் பிடித்தோ தொடரத் தொடங்குங்கள். 20 மீட்டருக்கு வந்ததும் பர்ஸ்ட், அதாவது பட்டனை முழுதாக அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகப் படமெடுங்கள். 12 மீட்டரில் நிறுத்திவிடுங்கள்.

ஏன் 12 என்றால், 250 எம்எம்மில் 15 மீட்டருக்குப் படத்தின் உயரம் சுமார் 90 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் உயர நாய் அதில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்து அழகாக நிற்கும். 10 மீட்டருக்கு வந்தால் படத்தின் உயரமும் நாயின் உயரமும் ஒன்றாகிவிடும், காதோ பாதமோ வெட்டுப்படும். அதற்குள் வருவதற்கு ஃபோகஸும் தாங்காது, ஃபிரேமும் தாங்காது. கிட்டே வந்தால்தான் நல்ல படம் என்ற ஆசையை இந்த லென்ஸில் விட்டுவிட வேண்டும்.

தெளிவான பட்டை நாய்க்குப் பின்னால் இல்லாமல் முன்னால் இருக்கிறதா? நீங்கள் தரையோடு படுத்து எடுத்திருப்பீர்கள். முன்னால் நின்ற புல்லோ பருத்திமாறோ ஃபோகஸைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓரளவு வசதியுள்ள கேமராக்களின் மெனுவில், குறுக்கே வருவதற்கு ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் தாவலாம் என்ற அமைப்பு உண்டு. அதை மந்தமான பக்கம் தள்ளுங்கள். அல்லது ஒரு சாண் எழுந்து மண்டியிடுங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

ஃபோகஸ் புள்ளியைப் பொறுத்தவரை, டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் நடுப்புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள சிலவற்றையும் சேர்த்த சிறு கூட்டம் போதும். நாயின் நெஞ்சிலிருந்து முகம்வரை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் மண்ணையோ வேலியையோ தேர்ந்தெடுத்துவிடும். விலங்குகளின் கண்ணைக் கண்டுபிடிக்கும் மிரர்லெஸ் உங்களிடம் இருந்தால் அதை விலங்கு என்று மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள்; மனிதர் என்ற நிலையிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். கன்னி நாய் மாதிரிக் கறுப்பு நிறமும் பின்னால் கரிசல் மண்ணும் சேர்ந்தால் எந்தக் கேமராவும் திணறும். கறுப்பில் கறுப்பைப் பிரித்தறிய ஃபோகஸுக்கு ஒரு கோடு வேண்டும். அப்போது புருவத்துக்கு மேலும் நெஞ்சிலும் இருக்கும் பழுப்புத் திட்டில் வெயில் விழும்படி நாயை ஓடவிடுங்கள்.

இத்தனையும் செய்து, லென்ஸின் மோட்டாரே மெதுவானது என்று தெரிந்தால் இன்னொரு வழி இருக்கிறது. 15 மீட்டர் தூரத்தில் ஒரு கல்லை வைத்து, அதில் ஃபோகஸ் செய்து, லென்ஸை `MF`-க்கு மாற்றிவிடுங்கள். கல்லை எடுத்துவிட்டு நாயை அந்த வழியாக ஓடவிட்டு, அது வருவதற்குச் சற்று முன்பே பர்ஸ்ட்டைத் தொடங்குங்கள். நாயின் இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே 2 மீட்டர் இடைவெளி, தெளிவான ஆழம் 80 சென்டிமீட்டர். ஆகவே ஐந்து ஓட்டத்தில் இரண்டில்தான் ஒரு ஃபிரேம் அந்த ஆழத்துக்குள் விழும் என்று எதிர்பார்க்கலாம். வினாடிக்கு 10 படம் எடுக்கும் கேமரா என்றால் இடைவெளி ஒரு மீட்டர். அநேகமாக ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்று கிடைக்கும். பர்ஸ்ட்டின் வேகம் கூர்மைக்கு நேரடியாக உதவுவது இந்த ஓர் இடத்தில்தான். மற்ற இடங்களில் ஃபோகஸ் தவறியிருந்தால், பர்ஸ்ட் ஒரு மங்கல் படத்துக்குப் பதில் பத்து மங்கல் படம் கொடுக்கும், அவ்வளவுதான்.

## நாய் கிட்டே வந்ததும் கேமரா நின்றுவிடுகிறது

எடுத்த படங்களைக் கார்டில் எழுதும்வரை கேமரா தேக்கிவைக்கும் பஃபர் நிரம்பிவிட்டது. 24 மெகாபிக்சல் ரா கோப்பு சுமார் 25 எம்பி. வினாடிக்கு 5 என்றால் 125 எம்பி. கார்டில் V30 என்று போட்டிருந்தால் அது தொடர்ந்து எழுதுவதற்கு உறுதி கொடுப்பது வினாடிக்கு 30 எம்பி மட்டுமே. கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம், எழுதும் வேகம் அல்ல.

வேகமான கார்டு வாங்கலாம், ஜேபெக்குக்கு மாறலாம். ஆனால் முதலில் பட்டனை அழுத்தும் நேரத்தைப் பாருங்கள். 20 மீட்டரில் தொடங்கி 12 மீட்டரில் நிறுத்தினால் மொத்தமே முக்கால் வினாடிக்குச் சற்று அதிகம், நாலைந்து ஃபிரேம். எந்தக் கேமராவின் பஃபரும் அதைத் தாங்கும். நாய் 50 மீட்டரில் கிளம்பும்போதே அழுத்திப் பிடிப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை வருகிறது.

## எல்லாம் ஷார்ப், ஆனால் கால்கள் அசிங்கமாக இருக்கின்றன

சிப்பிப்பாறை, கன்னி, கிரேஹவுண்ட் போன்ற ஒல்லியான ஓட்டநாய்கள் ஒரு பாய்ச்சலுக்கு இரண்டு முறை நாலு காலும் தரையை விட்டு எழும். ஒருமுறை கால்கள் முன்னும் பின்னும் நீண்டு உடல் வில்லாக விரிந்திருக்கும். இன்னொரு முறை நாலும் வயிற்றுக்குக் கீழே மடங்கி முதுகு வளைந்திருக்கும். நமக்குப் பிடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். இடையில் ஒற்றைக் காலை ஊன்றிய நிலை எவ்வளவு தெளிவாக விழுந்தாலும் நாய் தடுக்கி விழுவதுபோல் தெரியும்.

முழு ஓட்டத்தில் இந்த நாய்கள் வினாடிக்குச் சுமார் மூன்று நான்கு பாய்ச்சல் போடுகின்றன. இப்போது கேனான் 1500டி மாதிரி வினாடிக்கு 3 படம் எடுக்கும் கேமராவை நினைத்துப் பாருங்கள். பாய்ச்சலின் தாளமும் பர்ஸ்ட்டின் தாளமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், முதல் ஃபிரேம் எந்த நிலையில் விழுந்ததோ ஏறக்குறைய அதே நிலை அடுத்தடுத்தும் விழும். முதல் படம் அசிங்கம் என்றால் வரிசை முழுவதும் அசிங்கம். இதைக் கேமராவின் கோளாறு என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். இப்படிப்பட்ட கேமராவில் நீண்ட பர்ஸ்ட்டைவிட, தாளத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று படமாக விட்டு விட்டு எடுப்பது நல்லது. 5 என்றால் பாய்ச்சலுக்கு ஒன்றரைப் படம், நிலைகள் மாறி மாறி விழும். 10-இல் பாய்ச்சலுக்கு மூன்று கிடைக்கும். விரிந்த நிலை ஒன்றாவது அதில் இருக்கும்.

வேகம் வேண்டும் என்று மிரர்லெஸ்ஸில் எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டிருந்தால் கால்கள் வளைந்தும், பின்னால் உள்ள கம்பங்கள் சாய்ந்தும் விழக்கூடும். சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுவதால் வரும் கோணல் இது. 1/8000 வைத்தாலும் போகாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள்.

## ஷார்ப்தான், ஆனால் புள்ளி புள்ளியாக இருக்கிறது

நல்ல வெயிலில் f/5.6, ஐஎஸ்ஓ 400 வைத்தால் 1/3200 கிடைக்கும். மேகமூட்டம் என்றால் 1/2000-க்கே ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை போகும். சூரியன் மறைந்த பிறகு 6400-ஐத் தாண்டும். எளிய வழி, `M` முறையில் ஷட்டரையும் திறப்பையும் நீங்கள் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவது. புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், இழுபட்ட கண்ணைத் திருத்த முடியாது.

கரிசல் மண்ணில் ஒன்றைக் கவனியுங்கள். படத்தில் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதால் கேமரா தேவைக்கு மேல் வெளிச்சம் கூட்டும், ஐஎஸ்ஓவும் வீணாக ஏறும். வெள்ளை ராஜபாளையம் நாய் என்றால் அதன் ரோமம் வெளுத்துப்போய் விவரமே இல்லாமல் ஆகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். அதே நாய் கடற்கரை மணலில் ஓடினால் நேர் எதிர். கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

## செட்டிங் எல்லாம் சரி, ஆனாலும் எந்த ஃபிரேமிலும் எதுவும் ஊசியாக இல்லை

தரையிலும் தெளிவான பட்டை இல்லை, இழுவையும் இல்லை, எல்லாம் மெழுகு பூசியதுபோல். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அதே 15 அல்லது 20 மீட்டரில் நாயை உட்காரவைத்து, அதே செட்டிங்கில் ஐந்தாறு படம் எடுங்கள். உட்கார்ந்த நாயும் மங்கல் என்றால் ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லென்ஸின் முன்னால் மலிவான கண்ணாடி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி எடுங்கள். பிறகு 5 மீட்டரில் உட்காரவைத்து எடுங்கள். அங்கே தெளிவாக விழுந்து 20 மீட்டரில் மங்கினால், அதுவும் ஒரு ஃபிரேம் ஒருவிதமாகவும் அடுத்தது வேறுவிதமாகவும் நெளிந்தால், காரணம் கானல்.

கறுப்பு மண் வெயிலைச் சீக்கிரம் உறிஞ்சிச் சூடாகும். மண்ணை ஒட்டிய காற்று கொதித்து எழும்போது அதன் வழியாக வரும் ஒளி அலைபாய்கிறது. தரையோடு படுத்து நீண்ட லென்ஸில் எடுப்பவருக்கு முழு 20 மீட்டரும் அந்தக் காற்றின் ஊடே பார்ப்பதாகிவிடும். ஷட்டர், ஃபோகஸ், பர்ஸ்ட் எதுவும் இதற்கு உதவாது. வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் தரை நாயின் பாதத்தைச் சுடாது. இது படத்தைவிட முக்கியம். இந்த நாய்கள் குறுகிய தூரப் பாய்ச்சலுக்கானவை என்பதால் நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு தண்ணீர் கொடுத்து, மூச்சு இறைப்பது அடங்கும்வரை விடுங்கள்.

எட்டு மணிக்கு மேல் எடுத்தே ஆக வேண்டும் என்றால் படுக்காமல் நின்றுகொண்டு, லென்ஸை 135 அளவுக்குக் குறைத்து, நாயை 8 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டாக ஓடவிட்டு எடுங்கள். கானல் முற்றிலும் போகாது, ஆனால் கண் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் குறையும்.